ரெண்டு வாரமா பதில் இல்லை: அட்மிஷன் ஆபீசுக்கு ரெண்டாவது மெயில் எப்படி எழுதறது?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு மெயிலைப் பத்திப் பேசப் போறோம்.

2024 ஜூன் 17, திங்கட்கிழமை. பக்ரீத் லீவு. மயிலாப்பூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு லேப்டாப் முன்னாடி கோபமா உட்கார்ந்திருந்தா. எம்.எஸ்சி.க்கு ரெண்டு காலேஜ்ல அப்ளை பண்ணியிருந்தா. ஒரு காலேஜ்ல சீட் கிடைச்சாச்சு, வெள்ளிக்கிழமை 21ஆம் தேதிக்குள்ள ஃபீஸ் கட்டணும். ஆனா அவளுக்குப் பிடிச்சது அடையார் பக்கம் இருக்கிற இன்னொரு காலேஜ். அங்க ஜூன் 3ஆம் தேதி ஒரு மெயில் போட்டிருக்கா. பதிலே வரலை. "அண்ணா, நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக் குடு"ன்னு கேட்டா.

எழுதறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்தோம்.

முதல்ல நாள் கணக்கு. நமக்கு அது ரெண்டு வாரம். ஆனா சனி, ஞாயிறு, அன்னைக்கு பக்ரீத், இதையெல்லாம் கழிச்சா அந்த ஆபீசுக்கு ஆனது 9 வேலை நாள்தான். அவங்க வெப்சைட்ல "10 வேலை நாட்களில் பதில்"னு போட்டிருந்தா, நம்ம கோபத்துக்கு இன்னும் டைம் வரலைன்னு அர்த்தம். சில காலேஜ்ல சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு, அதையும் பார்த்துக்கோங்க.

ரெண்டாவது, ஸ்பாம் ஃபோல்டரும் அப்ளிகேஷன் போர்ட்டலும். பல ஆபீஸ்ல பதிலை மெயில்ல அனுப்பாம போர்ட்டல்ல ஸ்டேட்டஸ் மட்டும் மாத்தி வைப்பாங்க. இவளோடது "சரிபார்ப்பில் உள்ளது"ன்னே நின்னுட்டிருந்தது.

மூணாவதுலதான் மாட்டினோம். அப்ளிகேஷன்ல கொடுத்த மெயில் ஐடி ஒண்ணு, இவ கேள்வி அனுப்பின ஐடி வேற ஒண்ணு. அந்த மெயில்ல அப்ளிகேஷன் நம்பரும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது யார்னே தெரியாது. தெரியாத ஐடிக்கு ஒரு மாணவியோட விவரத்தை அனுப்பவும் யோசிப்பாங்க.

அப்புறம் பழைய மெயிலைப் படிச்சேன். அதுல நாலு கேள்வி: கடைசி செமஸ்டர் ரிசல்ட் வராம அப்ளிகேஷனை எடுத்துப்பாங்களா, ஹாஸ்டல் உண்டா, ஸ்காலர்ஷிப் எப்போ, கிளாஸ் எப்போ ஆரம்பம். நாலுக்கும் பதில் சொல்ல வேண்டியது நாலு பேர். ஆபீஸ்ல இருக்கிறவர் "விசாரிச்சிட்டு மொத்தமா பதில் போடலாம்"னு ஓரமா வைப்பார். அது அங்கேயே தங்கிடும். நம்ம டீம்ல நாலு பக் சேர்த்து ஒரே டிக்கெட்ல போட்டா என்ன ஆகுமோ, அதேதான்.

இப்போ ரெண்டாவது மெயில். புதுசா எழுதாதீங்க. அனுப்பின பழைய மெயிலைத் திறந்து, அதுக்கே ரிப்ளை கொடுங்க. சப்ஜெக்ட்டை மாத்தாதீங்க, மாத்தினா ஜிமெயில்ல அது தனி உரையாடலா பிரிஞ்சிடும். நிறைய இடத்துல ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் மாதிரி டிக்கெட் சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க. ரெண்டுமே நம்ம சென்னையோட தொடர்பு உள்ள கம்பெனிகளோடது. உங்களுக்கு வந்த தானியங்கி பதிலோட சப்ஜெக்ட்ல `[#48213]` மாதிரி ஒரு நம்பர் இருந்தா, அந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. அந்த நம்பரை வச்சுத்தான் உங்க மெயில் பழைய டிக்கெட்டோட போய்ச் சேரும். புதுசா அனுப்பினா வரிசையோட கடைசியில போய் நிக்கும். அஞ்சு முகவரிக்கு ஒரே மெயிலை அனுப்பினாலும் "வேற யாராவது பார்த்துப்பாங்க"ன்னு அஞ்சு பேரும் விட்டுடுவாங்க. பிரின்சிபாலை சிசி-ல போடறதை இப்போதைக்கு மறந்துடுங்க.

இவ கேஸ்ல ஒரு சின்ன சிக்கல். பழைய மெயில் போனது வேற ஐடியிலிருந்து. அதனால அந்த மெயிலைப் பதிவு பண்ணின ஐடிக்கு ஃபார்வர்டு பண்ணி, அங்கிருந்து ஆபீசுக்கு அனுப்பினோம். பழைய மெயில் கீழேயே இருக்கும்.

மெயில் இங்கிலீஷ்லதான் போச்சு. சாராம்சத்தைத் தமிழ்ல சொல்றேன்:

"வணக்கம். எம்.எஸ்சி. விண்ணப்பம், என் விண்ணப்ப எண் இது. ஜூன் 3 அன்று வேறு மின்னஞ்சலிலிருந்து எழுதியிருந்தேன், அது கீழே உள்ளது. எனக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடைசி செமஸ்டர் மதிப்பெண் இல்லாமல், ஐந்து செமஸ்டர் மதிப்பெண்களை வைத்து என் விண்ணப்பம் தேர்வுப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளப்படுமா? வேறொரு கல்லூரியில் ஜூன் 21க்குள் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால் 20ஆம் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். என்னிடமிருந்து ஏதாவது ஆவணம் தேவை என்றால் உடனே அனுப்புகிறேன். நன்றி."

கீழே பேரும் போன் நம்பரும். அவ்வளவுதான்.

இதுல மரியாதை எங்க இருக்குன்னு பாருங்க. 'ஜென்டில் ரிமைண்டர்', 'டூ த நீட்ஃபுல்' எதுவும் கிடையாது. அந்த வார்த்தைகளைப் படிச்சா என்ன செய்யணும்னு யாருக்கும் புரியாது. இங்க படிக்கிறவர் எதையும் தேட வேண்டாம். நம்பர் இருக்கு, கேள்வி ஒண்ணு, பதில் ஆமாம் இல்லைன்னா இல்லை. தேதி இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. "இதுவரை பதில் இல்லை"ங்கிற குத்தலும் இல்லை. அவரோட வேலையைக் குறைச்சுக் கொடுக்கறதுதான் இங்க மரியாதை. ஒரு விஷயம், அந்தத் தேதி நிஜமானதா இருக்கணும். சும்மா ஒரு தேதியைப் போட்டு அவசரப்படுத்தாதீங்க.

லீவு நாள்ல அனுப்பாம செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் போற மாதிரி ஷெட்யூல் பண்ணோம். புதன் மத்தியானம் பதில் வந்தது, ரெண்டே வரி: எடுத்துக்கொள்வோம், ஆனா ஐந்தாவது செமஸ்டர் மார்க் ஷீட் ஸ்கேன் படிக்க முடியலை, திரும்ப அப்லோட் பண்ணவும். சரிபார்ப்புல அது நின்னதுக்குக் காரணம் அதுதான். இந்த மெயில் போகலைன்னா அவ பட்டியல்லயே வந்திருக்க மாட்டா.

பதில் வரலைன்னா? அவகாசம் இருந்தா மூணு வேலை நாள் விட்டு போன் பண்ணுங்க. யார் பேசினாங்க, என்ன சொன்னாங்கன்னு குறிச்சு, அதே மெயில்ல ரெண்டு வரி எழுதி அனுப்பிடுங்க. உள்ளூர்தான்னா நேர்லயே போகலாம். மெயிலை ரெண்டு பிரதி பிரின்ட் எடுத்து, ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கோங்க. அரசுப் பல்கலைக்கழகம்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. 2005 சட்டம், 10 ரூபாய் கட்டணம், சரிதான். ஆனா பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டணும்னா அது உதவாது.

அந்த வெள்ளிக்கிழமை அவ என்ன பண்ணினா? பட்டியல் இன்னும் வரலை. கிடைச்ச சீட்டுக்கு ஃபீஸ் கட்டச் சொன்னேன். ஏன்னா 2024-25க்கு யுஜிசி சொன்னது இது: செப்டம்பர் 30க்குள்ள விலகினா முழு ஃபீஸையும் திருப்பித் தரணும், அக்டோபர் 31 வரைக்கும் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். தேதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், உங்க வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கோங்க. பதில் வராத ஆபீசை நம்பி கையில இருக்கிற சீட்டை விட்டுடாதீங்க.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது, அவ பேர் இருந்தது. பழைய காலேஜ்லேர்ந்து பணம் திரும்பி வர ரெண்டு மெயில் போட வேண்டியிருந்தது. அதை அவளே எழுதிட்டா. ஒரு நம்பர், ஒரு கேள்வி, ஒரு தேதி.