பில்டருக்கு ஒரு குறைப் பட்டியல்

எங்கள் அடுக்ககத்தில் 12 வீடுகள். சாவி வாங்கி நாலரை வருஷம் ஆன சமயம், ஐப்பசி மழையில் மேல் மாடி வீட்டின் கூரையில் காப்பிக் கறை போல ஒரு வட்டம் தெரிந்தது. பில்டரின் சைட் இன்ஜினீயருக்குப் போன் செய்தோம். ஆள் வந்து பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டுப் போனார். கார்த்திகையில் அதே இடத்தில் வட்டம் இன்னும் பெரிதாக வந்தது. இதற்கு முன்னாலும் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறோம். செய்ததற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

நாலரை வருஷம் என்பதுதான் என்னைப் பதற வைத்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு 5 ஆண்டு அவகாசம் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து அதற்குள் கட்டட அமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்துவிட்டால், பில்டர் 30 நாளில் செலவு கேட்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆக, கெடு முடிவதற்குள் தெரிவித்தோம் என்பதற்குத் தேதி போட்ட சான்று வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியுள்ள குறை நிவர்த்திக் காலமும், பிடித்து வைத்திருக்கும் பாக்கிப் பணமும்தான் அவர்களுக்குப் பிடிமானம்.

நோட்டீஸை நான்தான் எழுதினேன். ‘மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லாததால் 2சி வீட்டுச் சுவரில் கசிவு’ என்று எழுதியிருந்த வரியை, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் அடித்துவிட்டார். “காரணத்தை நீங்க ஏன் சார் எழுதணும்? நாளைக்கு மாடியில ஒரு கோட்டிங் அடிச்சிட்டு வேலை முடிஞ்சுதும்பான். கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க.” அவர் சொன்னபடி அந்த வரி இப்படி மாறியது: ‘2சி, படுக்கையறை, குளியலறையை ஒட்டிய சுவர். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், 4 அடி நீளத்துக்கு ஈரம். மழை நின்று 3 வாரம் ஆகியும் காயவில்லை. படம் 3அ, 3ஆ.’

மழை நின்றும் காயாத ஈரத்துக்கு மாடியைக் காட்டிலும் குளியலறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். குளியலறைத் தரைக்கடியில், குழாய்கள் போகும் பள்ளத் தளத்தில் தண்ணீர் தேங்கினால் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் பட்டியலில் ஆறு குறைகள் இருந்தன. காரணத்தை நாங்கள் தப்பாக ஊகித்திருந்தது இதில்தான்.

ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் வைத்தோம். எந்த அறை, எந்தச் சுவர் என்று தெரிய தள்ளி நின்று ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதினோம். கோட்டைத் தாண்டிப் போனால் அது வளர்கிறது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த தேதி விவரமும் போய்விடும் என்பதால், மூலப் படங்களைத் தனியாகச் சேமித்தோம்.

எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் வலை போலப் படரும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் சிமென்ட் காயும்போது வந்தவை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் விரிசல், பூசுமுன் அங்கே கோழி வலை அடிக்காததால் வந்திருக்கலாம். கூரைத் தளத்தில் கம்பி ஓடும் வழியே நீளமாக வெடித்து, துருக் கறையும் இறங்கினால் அது வேறு ரகம். உள்ளே கம்பி அரிக்கிறது. எங்கள் பார்க்கிங்கில் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் அறிக்கை கேட்டோம்.

கெடுவை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்கவில்லை. ஸ்விட்ச் பாக்ஸ் அருகே நீர் இறங்கிய வீட்டுக்கு 3 நாள். மற்றவற்றை 7 நாளில் வந்து பார்க்க வேண்டும், 30 நாளில் முடிக்க வேண்டும். கசிவை நிறுத்தி, சோதித்து, சுவர் காய்ந்த பிறகே பட்டியும் பெயின்ட்டும் என்று தனி வரியாக எழுதினோம். ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்த சான்றை வாங்கிக்கொண்டோம். மின்னஞ்சலும் போனது.

ஆறாம் நாள் சைட் இன்ஜினீயர் வந்தார். 2சியின் மேல்வீட்டுக் குளியலறை வடிகாலை அடைத்து, நீலம் கலந்த தண்ணீரை 2 நாள் தேக்கி வைத்தோம். கீழே சுவர் ஓரத்தில் நீலம் கசிந்தது. அவரே படமெடுத்துக்கொண்டு, பட்டியலில் மூன்றாவது வரிக்கு எதிரே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். டைல்ஸைப் பெயர்த்து வேலை நடந்தது. மாடிக் கூரை வட்டத்துக்கு எதிரே மட்டும் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. அடுத்த ஐப்பசியில் நனைந்து பார்த்த பிறகு வாங்குவோம்.