ஒரு லட்ச ரூபாய் குத்தகைக்கு இரண்டு கணக்குகள்

ஒரு வியாபாரி கடை இடத்தை நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார். மொத்தப் பணம் 1,00,000 ரூபாயை முதல் நாளே கட்டிவிடுகிறார். இது ஒத்தி அல்ல. காலம் முடிந்ததும் பணம் திரும்பி வராது. நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு லட்சமும் கரைந்து போகும் என்பதால், அதை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுத வேண்டும். நான்கால் வகுத்து ஆண்டுக்கு 25,000 என்று எழுதினால் வேலை முடிந்தது. பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த எளிய கணக்கு வட்டியைக் கண்டுகொள்வதில்லை. குத்தகையில் போட்ட பணத்தை 10 சதவீத வட்டிக்கு விட்டிருந்தால் முதல் ஆண்டிலேயே 10,000 ரூபாய் வந்திருக்கும். இந்த வட்டியையும் சேர்த்துத் தேய்மானம் போட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஆண்டுத்தொகை முறை. மற்றொன்று தேய்மான நிதி முறை; வணிகவியல் படித்தவர்கள் இதை சிங்கிங் ஃபண்ட் என்பார்கள். பாடப்புத்தகங்கள் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருப்பதால் மாணவர்கள் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே குத்தகையை இரண்டு முறையிலும் போட்டு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உறவு தெரிகிறது.

முதலில் ஆண்டுத்தொகை முறை. வங்கியில் 10 சதவீத வட்டிக்கு ஒரு லட்சம் கடன் வாங்கி, நான்கு சம தவணைகளில் அடைத்தால் ஒவ்வொரு தவணையும் எவ்வளவு வருமோ, அதுதான் இங்கே ஆண்டுத் தேய்மானம். ஆண்டுத்தொகை அட்டவணையில் 4 ஆண்டு, 10 சதவீதத்துக்கு நேரே ஒரு ரூபாய்க்கு 0.315471 என்று இருக்கும். ஆக, ஆண்டுக்கு 31,547 ரூபாய்.

முதல் ஆண்டு தொடக்கத்தில் குத்தகையின் மதிப்பு 1,00,000. அதன் மேல் வட்டி 10,000-ஐக் கூட்டி, 31,547-ஐக் கழித்தால் மீதி 78,453. இரண்டாம் ஆண்டில் இந்த 78,453-க்குத்தான் வட்டி; அது 7,845. கூட்டிக் கழித்தால் 54,751. மூன்றாம் ஆண்டு வட்டி 5,475, மீதி 28,679. கடைசி ஆண்டு வட்டி 2,868-ஐச் சேர்த்தால் சரியாக 31,547 வரும்; அதைத் தேய்மானம் முழுவதுமாகத் துடைத்துவிடும். தேய்மானம் லாப நட்டக் கணக்கில் பற்று. வட்டி அதே கணக்கில் வரவு. எனவே லாபத்தின் மேல் விழும் நிகரச் சுமை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். தேய்மானம் மாறாமல் நிற்க, வட்டி ஆண்டுதோறும் குறைவதால் சுமை ஏறிக்கொண்டே போகிறது.

தேய்மான நிதி முறையில் குத்தகைக் கணக்கை யாரும் தொடுவதில்லை. அது கடைசி வரை ஏட்டில் 1,00,000 என்றே நிற்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் ஒரு தொகையை லாபத்திலிருந்து ஒதுக்கி, அதே அளவு ரொக்கத்தைப் பத்திரங்களில் முதலீடு செய்கிறார்கள். நான்காம் ஆண்டு முடிவில் அது வட்டியோடு ஒரு லட்சமாக வேண்டும். இதற்கான அட்டவணை எண் 0.215471; ஆண்டுக்கு 21,547 ரூபாய். முன்னால் பார்த்த எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 0.10, அதாவது வட்டி விகிதமேதான். ஒரு அட்டவணை கையில் இருந்தால் மற்றதை இப்படியே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் ஆண்டு நிதிக்கு வட்டி கிடையாது. பணம் ஆண்டு முடிவில்தானே ஒதுக்கப்படுகிறது. தேர்வுத்தாள்களில் அதிகம் தப்புவது இந்த இடம்தான். இரண்டாம் ஆண்டில் 21,547-க்கு 2,155 ரூபாய் வட்டி வரும். அது லாப நட்டக் கணக்குக்குப் போகாமல் நேராக நிதியில் சேரும். புதிய ஒதுக்கீட்டோடு நிதி 45,249 ஆகும். மூன்றாம் ஆண்டில் 71,321. நான்காம் ஆண்டில் 1,00,000.

| ஆண்டு | ஆண்டுத்தொகை முறை: நிகரச் சுமை | நிதி முறை: லாபத்தில் ஒதுக்கியது | நிதிக்கு வந்த வட்டி |
|---|---|---|---|
| 1 | 21,547 | 21,547 | 0 |
| 2 | 23,702 | 21,547 | 2,155 |
| 3 | 26,072 | 21,547 | 4,525 |
| 4 | 28,679 | 21,547 | 7,132 |
| மொத்தம் | 1,00,000 | 86,188 | 13,812 |

கடைசி இரண்டு பத்திகளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் 21,547-ம் 2,155-ம் சேர்ந்தால் 23,702. ஒவ்வொரு வரியிலும் ஆண்டுத்தொகை முறையின் நிகரச் சுமையே வருகிறது. இன்னொரு விதமாகவும் சரிபார்க்கலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் குத்தகை மதிப்பு 1,00,000-லிருந்து நிதி 71,321-ஐக் கழித்தால் 28,679. முதல் முறையில் ஏட்டில் நின்ற மதிப்பும் அதுவே. இந்த இரண்டும் எந்த ஆண்டில் பொருந்தாமல் போகிறதோ, அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ கணக்கில் பிழை இருக்கிறது. சில ரூபாய் மட்டும் தட்டினால் அது பைசாவை முழுதாக்கியதால் வந்தது.

கணக்கு ஒன்றாக இருந்தும் லாபம் ஏன் வேறுபடுகிறது? வட்டி எங்கே பிறக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆண்டுத்தொகை முறையில் வரவு வைக்கும் 10,000 ரூபாயை யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அது ஏட்டில் மட்டும் இருக்கும் வட்டி. ஒரு லட்சம் செலவும் வியாபார லாபத்தின் மேலேயே விழுகிறது. நிதி முறையில் 13,812 ரூபாயை வெளியே உள்ள பத்திரங்கள் சம்பாதித்துத் தருவதால், வியாபாரம் தாங்க வேண்டியது 86,188 மட்டுமே. அதற்கு விலையும் உண்டு. முதல் மூன்று ஆண்டுகளிலும் 21,547 ரூபாய் கல்லாவிலிருந்து உண்மையாகவே வெளியே போக வேண்டும். நான்காம் ஆண்டு ஒதுக்கும் தொகைக்குப் பத்திரம் வாங்க மாட்டார்கள். உடனே விற்க வேண்டிய பத்திரத்தை வாங்கிப் பயனில்லை.

குத்தகையைப் புதுப்பிக்கும் நாளில் இந்த வேறுபாடு உறைக்கும். ஆண்டுத்தொகை முறையைப் பின்பற்றியவரின் ஏடு சுத்தமாக இருக்கும். ஆனால் பணம் சரக்கிலோ கடன்காரர்களிடமோ முடங்கிக் கிடக்கலாம். நிதி வைத்தவர் பத்திரங்களை விற்றுக் கையில் ரொக்கத்தோடு நிற்பார். கட்டாயம் மாற்றியே ஆக வேண்டிய சொத்துக்கு நிதி முறையே பொருத்தம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் அந்த முறையும் 10 சதவீதம் கிடைக்கும் என்ற ஊகத்தில்தான் நிற்கிறது. 8 சதவீதமே கிடைத்தால் நான்கு ஆண்டு முடிவில் நிதியில் சுமார் 97,100 ரூபாய்தான் இருக்கும். கிட்டத்தட்ட 2,900 குறையும். பத்திரத்தை விற்கும்போது சந்தை விலை இறங்கியிருந்தால் அந்த நட்டமும் நிதியின் தலையில்தான். ஆண்டுதோறும் நிதி இருப்பை அட்டவணைத் தொகையோடு ஒப்பிட்டு வந்தால் பள்ளம் முன்பே தெரியும். அடுத்த ஒதுக்கீட்டைக் கூட்டிவிடலாம். விலைவாசி இன்னும் பெரிய சிக்கல். குத்தகைத் தொகை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் நான்கு ஆண்டில் 1,26,000 ரூபாயைத் தாண்டிவிடும். இரண்டு முறைகளும் பழைய ஒரு லட்சத்தை மட்டுமே மீட்டுத் தருகின்றன.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டம் இந்தக் கூட்டுவட்டி வழியை ஏற்றது. சொத்தின் அடக்கவிலையில் 90 சதவீதத்தை, 4 சதவீதக் கூட்டுவட்டியில் அதன் ஆயுள் முடிவதற்குள் திரட்டும் அளவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கலாம் என்றது அதன் அட்டவணை. தொடக்க ஆண்டுகளில் சுமை குறைவாக இருப்பது நீண்ட ஆயுள் கொண்ட மின்நிலையங்களுக்கு வசதிதான். இன்றைய கணக்குத் தரங்கள், சொத்தின் பயன் எப்படித் தீர்கிறதோ அப்படியே தேய்மானமும் இருக்க வேண்டும் என்கின்றன. எந்திரம் பழசாகப் பழசாகப் பழுதுச் செலவு கூடும். அதே நேரம் தேய்மானமும் ஏறினால் கடைசி ஆண்டுகளின் லாபம் இரண்டு பக்கமும் அடிவாங்கும். பழுதே பார்க்க வேண்டாத குத்தகைக்கு ஆண்டுத்தொகை முறை நன்றாகப் பொருந்துவதும், எந்திரங்களுக்குப் பொருந்தாமல் போவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.