தாளில் ஒரு நூலகம்: அலமாரி சாயாமல், புத்தகம் பொய்க்காமல் வரைவது எப்படி?

நூலகத்தின் உட்புறத்தை வரைகிறவருக்கு இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. முதலாவது, கோடுகளின் எண்ணிக்கை. உயர்ந்த அலமாரிகள், அவற்றில் ஏழெட்டுத் தட்டுகள், நடுவே நீண்ட மேசைகள் என்று படம் முழுக்க இணைகோடுகள். அவற்றில் ஒன்று கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துக் கோடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, புத்தகங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் செங்கல் சுவராகத் தெரியும். ஒவ்வொன்றையும் வேறுபடுத்த முயன்றால் கண்ணுக்கு இரைச்சலாகிவிடும். இரண்டுக்கும் தீர்வு கைத்திறனில் இருப்பதைவிட அளவில்தான் அதிகம் இருக்கிறது.

தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் கணக்காகக் கொண்டுவரும் முறைக்கு ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். இத்தாலியரான ஆல்பர்ட்டி 1435-இல் இதை விதிகளாக எழுதிவைத்தார். நூலகக் கூடத்துக்கு இதன் எளிய வடிவமே போதும். பார்ப்பவரின் கண் உயரத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு. அதுதான் கண்மட்டக் கோடு. அதன் மேல் ஒரு புள்ளி; அதுதான் மறையும் புள்ளி. பார்ப்பவரை விட்டு நேராக விலகிச்செல்லும் எல்லா விளிம்புகளும் அந்தப் புள்ளியை நோக்கியே ஓடும். நிமிர்ந்து நிற்பவை செங்குத்தாகவும், பார்ப்பவருக்கு எதிரே குறுக்காகக் கிடப்பவை படுக்கையாகவும் இருக்கும்.

ஒரு கூடம், சில அளவுகள்

மூன்று மீட்டர் அகலக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் 2.4 மீட்டர் உயர அலமாரிகள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு செங்குத்துப் பலகை. பார்ப்பவர் கூடத்தின் நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருக்கு 3 மீட்டர் தள்ளி முதல் செங்குத்துப் பலகை நிற்கிறது. ஏ3 தாளைக் கிடையாக வைத்து, அந்தப் பலகையை 24 செ.மீ. உயரமாக வரைந்தால், அந்த இடத்தில் 10 செ.மீ. என்பது ஒரு மீட்டர்.

கண் உயரம் அலமாரியின் சரிபாதி என்பதால், கண்மட்டக் கோடு அந்த 24 செ.மீ. கோட்டை நடுவில் வெட்டும். மறையும் புள்ளி அங்கிருந்து 15 செ.மீ. தள்ளி, கூடத்தின் நடுவில் வரும். பலகையின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு இரண்டு கோடுகள் இழுத்தால் அலமாரி வரிசையின் மேல் விளிம்பும் தரை விளிம்பும் கிடைத்துவிடும்.

அடுத்த பலகை எங்கே நிற்கும் என்பதில்தான் பெரும்பாலான படங்கள் தடுமாறுகின்றன. கணக்கு எளிது: தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு உயரம் குறையும். மூன்று மீட்டரில் 24 செ.மீ. இருந்த பலகை நான்கு மீட்டரில் 18 செ.மீ., ஐந்தில் 14.4 செ.மீ., ஆறில் 12 செ.மீ. ஆகும். பலகைகளுக்கு இடைப்பட்ட அகலமும் அப்படியே சுருங்கும்: முதல் பகுதி 3.75 செ.மீ., இரண்டாவது 2.25, மூன்றாவது 1.5, நான்காவது ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். முதல் இரண்டு பகுதிகளுக்கிடையே அகலம் சட்டென்று குறைவதையும், பிறகு குறைவின் வேகம் தணிவதையும் கவனிக்க வேண்டும். கண்ணால் உத்தேசித்து வரைகிறவர்கள் எல்லாவற்றையும் சம அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அப்போது கூடம் தொலைவில் நீண்டுகொண்டே போவதுபோல் விகாரமாகத் தெரியும்.

கணக்கே இல்லாமலும் இதைச் செய்யலாம். முதல் இரண்டு பலகைகளை வரைந்த பிறகு, முதல் பலகையின் உச்சியிலிருந்து இரண்டாவது பலகையின் நடுப்புள்ளி வழியாக ஒரு மூலைக்கோடு இழுக்க வேண்டும். அது தரை விளிம்பைத் தொடும் இடம்தான் மூன்றாவது பலகையின் அடி. மேற்சொன்ன அளவுகளில் அந்தக் கோடு மறையும் புள்ளியிலிருந்து 9 செ.மீ. தூரத்தில் தரையைத் தொடும். கணக்கும் அதே 9 செ.மீ.யைத்தான் சொல்கிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கும் இதே வழி.

தட்டுகள்

தட்டுகளை முதல் பலகையில் மட்டும் அளந்து குறித்தால் போதும். அடியில் 1 செ.மீ. பீடம், அதற்கு மேல் 3.2 செ.மீ. இடைவெளியில் ஏழு அடுக்குகள், உச்சியில் மீதமுள்ள 0.6 செ.மீ. மேல்சட்டம். ஒவ்வொரு குறியிலிருந்தும் மறையும் புள்ளிக்கு அளவுகோல் வைத்து மெல்லிய கோடு இழுக்க வேண்டும். அடுத்தடுத்த பலகைகளில் தட்டு எங்கே வரும் என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும். தனித்தனியாக அளக்கத் தொடங்கினால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

தட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தட்டுகள் தொலைவில் போகப் போக மேலேறும்; மேலே இருப்பவை கீழிறங்கும். இந்தக் கூடத்தில் கண்மட்டக் கோடு நான்காவது அடுக்கின் நடுவே போகிறது. ஆகவே கீழ் மூன்று அடுக்குகளில் புத்தகங்களின் தலைப்பகுதி, அதாவது தாள்களின் மேல்விளிம்பு, சற்றே கண்ணில் படும். நான்காவது அடுக்கிலிருந்து மேலே புத்தகத்தின் தலை தெரியாது. அதற்கு மேலுள்ள தட்டின் அடிப்புறம்தான் தெரியும். உச்சி அடுக்குப் புத்தகத்தின் தலையை வரைந்துவிட்டால், பார்ப்பவர் ஒரே நேரத்தில் நாற்காலியிலும் ஏணியிலும் இருப்பதாக ஆகிவிடும்.

செங்குத்துப் பலகைகள் செங்குத்தாகவே நிற்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பார்வை நேராக இருக்க வேண்டும். கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்த புகைப்படத்தில் பலகைகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பாதிப் பலகைகளைச் சாய்த்தும் மீதியை நேராகவும் வரைந்தால், அலமாரி சரிவதுபோல் தோன்றும்.

புத்தக முதுகுகள்

புத்தகங்களை வரையும் முன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை புத்தகங்களை வரைய முடியும் என்பதே. ஒரு புத்தகம் சராசரியாக 2.5 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தட்டில் நாற்பது நிற்கும். முதல் பகுதியின் அகலம் தாளில் 3.75 செ.மீ.தான், ஆக, ஒரு முதுகுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நான்காவது பகுதியில் அதே நாற்பதும் ஒரு செ.மீ.க்குள் அடங்க வேண்டும். இது பென்சில் முனைக்கு எட்டாத வேலை. எனவே முதல் பகுதியில் மட்டும் முதுகுகளைத் தனித்தனியாக வரையலாம். இரண்டாவதில் இரண்டு மூன்று புத்தகங்களைச் சேர்த்து ஒரு பட்டையாக்கலாம். அதற்கு அப்பால் அடுக்கு முழுவதற்கும் ஒரே நிறம் பூசி, அங்கங்கே சில செங்குத்துக் கீற்றுகள் போட்டால் போதும். தொலைவிலும் தடித்த முதுகுகளை வரைந்துவிட்டால், அங்கே அரை அடி தடிமனில் புத்தகங்கள் இருப்பதாகிவிடும்.

உயரத்துக்குப் பதிப்பகங்களின் அளவுகளே வழிகாட்டி. தமிழில் அதிகம் வரும் டெம்மி அளவுப் புத்தகம் சுமார் 21.5 செ.மீ. உயரம், கிரவுன் அளவு சுமார் 18 செ.மீ. முதல் பலகை அருகே இவை 2.15 செ.மீ., 1.8 செ.மீ. என்று வரும். 3.2 செ.மீ. அடுக்கில் மேலே நிழல் விழும் இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். புத்தகம் தட்டுக்குத் தட்டு முட்டிக்கொண்டிருந்தால் அது நூலகமாகத் தெரியாது. கையை விட்டு எடுக்கவும் இடம் இருக்காது.

நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக நிற்கின்றன. டூயி தசமப் பகுப்பானாலும், எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பானாலும், ஒரு நூலின் இடத்தைத் தீர்மானிப்பது அதன் பொருள். உயரமோ நிறமோ அல்ல. அதனால் ஒல்லியும் தடியும், குட்டையும் நெட்டையும் ஒழுங்கில்லாமல் கலந்து வரும். உயர வரிசையாக அடுக்கினாலோ நிறவாரியாகப் பிரித்தாலோ அது கடையின் காட்சி அலமாரியாகிவிடும். விதிவிலக்கு, தொகுதிகள். கலைக்களஞ்சியமும் பைண்டு செய்த பழைய இதழ்களும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து நிற்கும். ஒரு பகுதிக்கு அப்படி ஒரு தொகுதி வைத்தால், மற்றவற்றின் ஒழுங்கின்மைக்கு நடுவே கண் இளைப்பாறும்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. எண் எழுதிய வெள்ளைச் சீட்டை எல்லா முதுகிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்டுவார்கள். ஆகவே முன் வரிசைப் புத்தகங்களில் அந்தச் சீட்டுகளும் மறையும் புள்ளியை நோக்கிய ஒரு கோட்டில் அமைய வேண்டும். தலைப்பு எழுத்துகளை மிக அருகிலுள்ள ஓரிரு முதுகில் மட்டும் எழுதலாம். தமிழ், ஆங்கில நூல்களில் அவை பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும், பிரெஞ்சு நூல்களில் கீழிருந்து மேலாக.

புதிய வரவுகளுக்காக அடுக்கின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். புத்தகம் சாயக்கூடிய இடம் அது மட்டுமே. சாய்ந்த புத்தகத்தின் மேல் மூலை பக்கத்துப் புத்தகத்தையோ பலகையையோ தொட வேண்டும். அடியில் முக்கோண இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாக நிற்கும் வரிசையின் நடுவே ஒன்று மட்டும் சாய்ந்திருக்க வழியே இல்லை.

மேசையும் விளக்கும்

படிப்பு மேசையின் உயரம் 75 செ.மீ. அதன் மேல் 45 செ.மீ. உயரத்தில் மேசை விளக்கு வைத்தால் மொத்தம் 1.2 மீட்டர், அதாவது பார்ப்பவரின் கண் உயரம். எனவே எல்லா விளக்குகளின் தலையும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், கண்மட்டக் கோட்டையே தொடும். மேசையின் நீள விளிம்புகள் மறையும் புள்ளிக்குப் போகும். 1.2 மீட்டர் அகல மேசை மூன்று மீட்டர் தூரத்தில் 12 செ.மீ. அகலத்தோடு கண்மட்டத்துக்கு 4.5 செ.மீ. கீழே இருக்கும், எட்டு மீட்டரில் அகலம் 4.5 செ.மீ., இறக்கம் 1.7 செ.மீ. ஆகும்.

விளக்கின் கீழ் மேசையில் விழும் ஒளி உண்மையில் வட்டம். தாளில் அது மிகத் தட்டையான நீள்வட்டம். நான்கு மீட்டர் தூரத்தில் 80 செ.மீ. விட்டமுள்ள ஒளிவட்டம் 6 செ.மீ. அகலமும் 0.7 செ.மீ. உயரமும் மட்டுமே கொண்டிருக்கும். இதை உருண்டையாக வரைந்தால் மேசை முன்பக்கம் சரிந்து நிற்பதாகத் தெரியும். வட்டம் முழுவதும் ஒரே வெளிச்சமும் இருக்காது. பல்பு மேசையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், நேர் கீழே விழுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 40 செ.மீ. தள்ளிக் கிடைக்கும்.

ஒளி ஊடுருவாத மூடி போட்ட விளக்கு கீழ்நோக்கி மட்டுமே ஒளிவிடும். அதனால் மூடியின் விளிம்புக்குக் கீழுள்ள அடுக்குகளில் கொஞ்சம் வெளிச்சம் படரும். மேலடுக்குகளுக்கு மேசையிலிருந்து சிதறும் மங்கல் ஒளியே மிஞ்சும். கூரை விளக்கும் எரிந்தால் நிலைமை மாறும்: ஒவ்வொரு தட்டும் தனக்குக் கீழுள்ள புத்தகங்களின் மேல்பாகத்தில் நிழல் வீழ்த்தும். அந்த நிழலின் கீழ்விளிம்பும் தட்டோடு சேர்ந்தே மறையும் புள்ளிக்குப் போக வேண்டும்.

படம் முடிந்ததும் அளவுகோலை மறையும் புள்ளியில் வைத்து ஒவ்வொரு தட்டாகச் சுழற்றிப் பார்த்தால் பிசகிய கோடு தெரிந்துவிடும். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். புத்தகம் என்ற நினைப்பு விலகி வெறும் கோடுகளாகத் தெரியும்போது, சாய்ந்த பலகையும் அளவுக்கு மீறித் தடித்த முதுகும் உடனே அகப்படும்.