பாதை சொல்லும் பெட்டி – 11: [110/3] தோற்று, [1/0] ஜெயித்தது எப்படி?

ஓ.எஸ்.பி.எஃப். பேசும் ரவுட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறி வழி கண்டுபிடிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே இடத்துக்கு நாமும் கையால் ஒரு வழி எழுதி வைத்தால் ரவுட்டர் யார் பேச்சைக் கேட்கும்?

ஒரு கிளை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகத்தின் சர்வர்கள் 10.20.30.0/24 என்ற நெட்வொர்க்கில் இருக்கின்றன. அங்கே போக ஃபைபர் லைன் ஒன்று உண்டு, அதில் ஓ.எஸ்.பி.எஃப். ஓடுகிறது. கிளையின் சிஸ்கோ ரவுட்டரில் `show ip route` கொடுத்தால் இப்படி வரும்:

```
O  10.20.30.0/24 [110/3] via 192.168.1.1
```

ஃபைபர் அறுந்தால் உதவட்டும் என்று வேகம் குறைந்த இன்னொரு லைனும் வாங்குகிறார்கள். அதற்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதப்படுகிறது:

```
ip route 10.20.30.0 255.255.255.0 192.168.2.1
```

அன்று மதியமே எல்லாம் மெதுவாக ஓடுகிறது என்று புகார் வருகிறது. ஃபைபருக்கு ஒன்றும் ஆகவில்லை. டேபிளைப் பார்த்தால் O என்ற வரி காணோம். அந்த இடத்தில் இது உட்கார்ந்திருக்கிறது:

```
S  10.20.30.0/24 [1/0] via 192.168.2.1
```

அடைப்புக்குள் இருக்கும் முதல் எண்தான் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். வழி சொன்னவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான மதிப்பு அது. எண் குறையக் குறைய நம்பிக்கை அதிகம். சிஸ்கோவில் நேரடியாக இணைந்த கனெக்டட் ரூட்டுக்கு 0, ஸ்டாட்டிக்குக்கு 1, ஓ.எஸ்.பி.எஃப்.-க்கு 110. ஆக, பின்னால் வந்த ஸ்டாட்டிக் ஓ.எஸ்.பி.எஃப். வழியை டேபிளிலிருந்து வெளியேற்றிவிட்டது. லைனின் வேகத்தை ரவுட்டர் பார்க்கவே இல்லை.

இரண்டாவது எண் மெட்ரிக். ஓ.எஸ்.பி.எஃப்.-ல் இதற்கு காஸ்ட் என்று பெயர். 100 எம்.பி.பி.எஸ்.-ஐ லைன் வேகத்தால் வகுத்தால் ஒரு லைனின் காஸ்ட் கிடைக்கும், 100 எம்.பி.பி.எஸ். லைனுக்கு 1, 10 எம்.பி.பி.எஸ். லைனுக்கு 10. நம் ஃபைபர் வழியில் அப்படி 1, 1, 1 சேர்ந்து 3 ஆனது. ஓ.எஸ்.பி.எஃப்.-க்கே 3, 12 என இரண்டு வழி தெரிந்தால் 3-ஐ எடுக்கும். இரண்டும் சமம் என்றால் இரண்டையும் பயன்படுத்தும். ஆனால் ஸ்டாட்டிக்கின் 0-வோடு இந்த 3-ஐ ஒப்பிடக் கூடாது. ஒரு கடையில் மல்லிகையை முழக் கணக்கிலும் இன்னொரு கடையில் எடைக் கணக்கிலும் விற்றால், சொல்லும் விலையை மட்டும் வைத்து எது மலிவு என்று சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் முதலில் டிஸ்டன்ஸ். ஒரே ப்ரோட்டோகாலுக்குள் மட்டுமே மெட்ரிக்.

நம் கிளைக்குத் தீர்வு எளிது. பழைய வரியை `no` போட்டு நீக்கிவிட்டு, கடைசியில் 110-ஐவிடப் பெரிய எண் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும்:

```
ip route 10.20.30.0 255.255.255.0 192.168.2.1 130
```

இதை ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் என்பார்கள். ஓ.எஸ்.பி.எஃப். வழி இருக்கும்வரை இது டேபிளில் தலைகாட்டாது. கிளையின் ஃபைபர் போர்ட் டவுன் ஆனால் உடனே மேலே வரும். போர்ட் அப்பாகவே இருந்து, எதிர்முனை மட்டும் பேசாமல் போனால், ஈதர்நெட்டில் வழக்கமான 40 விநாடி டெட் டைமர் முடிந்த பிறகுதான் மாறும்.

மேலே சொன்ன போட்டியெல்லாம் ஒரே நெட்வொர்க், ஒரே மாஸ்க் என்றால் மட்டும்தான். ஸ்டாட்டிக்கை 10.20.0.0/16 என்று எழுதியிருந்தால் இரண்டு வரிகளும் டேபிளில் இருக்கும். 10.20.30.5-க்குப் போகும் பாக்கெட், டிஸ்டன்ஸ் 110 ஆனாலும், /24 வழியில்தான் போகும். குறிப்பாகப் பொருந்தும் வழிக்கே முதலிடம்.

கனெக்டட் ரூட்டின் 0-வை எதுவும் முந்த முடியாது. ஸ்டாட்டிக்குக்கு நாம் தரக்கூடிய குறைந்த எண்ணே 1. கிளையில் யாராவது சோதனைக்காக ஒரு போர்ட்டுக்கு 10.20.30.1/24 என்று முகவரி கொடுத்து அந்த போர்ட் அப் ஆனால், தலைமை அலுவலக சர்வர்கள் அந்தக் கிளைக்கு மட்டும் எட்டாமல் போகும். மற்ற கிளைகளில் வேலை நடக்கிறது, இங்கே மட்டும் இல்லை என்றால், டேபிளில் அந்த நெட்வொர்க்குக்கு நேரே C இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எண்கள் சிஸ்கோவுக்குரியவை. ஜூனிப்பரில் ஸ்டாட்டிக் 5, ஓ.எஸ்.பி.எஃப்.-ன் உள் வழிகள் 10. டிஸ்டன்ஸ் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தானே முடிவு செய்கிறது. ஆகவே கிளையில் மட்டும் 130 எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. தலைமை அலுவலக ரவுட்டரிலும் கிளைக்குத் திரும்பும் வழியை அதேபோல் எழுத வேண்டும். எழுதிய பிறகு, வேலை நேரம் முடிந்ததும் ஃபைபரைக் கழற்றி ஒருமுறை பிங் செய்து பாருங்கள். சோதிக்காத பேக்கப் லைனை நம்பாதீர்கள்.