சிவப்பு மூடி சிரிஞ்சும் நூறு யூனிட் இன்சுலினும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு சிறிய தனியார் மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலில் ஆறாத புண்ணோடு சேர்ந்திருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் 30/70 இன்சுலின் 20 யூனிட் போட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். வழக்கமாக வரும் குப்பி அன்று மருந்தகத்தில் தீர்ந்துவிட்டது. அதே பெயருள்ள மருந்தின் கார்ட்ரிட்ஜை எடுத்து வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டில் இன்சுலின் பேனா கிடையாது. டிரேயில் இருப்பது சிவப்பு மூடி சிரிஞ்ச்.

கார்ட்ரிட்ஜின் ரப்பரில் ஊசியைக் குத்தி 20 கோடு வரை இழுத்துப் போடுவது எளிது. பலர் அப்படிச் செய்வதும் உண்டு. இந்த வார்டின் நர்ஸ் லேபிளையும் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். சீட்டில் 40 ஐ.யூ., லேபிளில் 100 ஐ.யூ. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருந்தகத்துக்குப் போன் செய்தார்.

ஒரே கோடு, இரண்டரை மடங்கு மருந்து

இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கிறது. 10 மில்லி குப்பிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனாவுக்கான 3 மில்லி கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். சில புதிய வகை இன்சுலின்கள் குப்பியிலேயே 100 யூனிட்டாக வருகின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மங்கலான விளக்கில் அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிவது சிரமம். அதனால் சிரிஞ்சின் உடலில் உள்ள U-40, U-100 என்ற எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-வது கோடு என்பது அரை மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து அரை மில்லி எடுத்தால் 20 யூனிட், சரிதான். 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து அதே அரை மில்லி எடுத்தால் 50 யூனிட் உடலில் ஏறிவிடும். 30/70 கலவையில் பெரும்பகுதி மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். அதனால் எட்டு மணிக்குப் போட்ட ஊசியின் விளைவு நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் தூங்கும் நேரத்தில் தெரியவரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல், பிறகு வலிப்பு அல்லது மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு முதல் அறிகுறிகள் தெரியாமலே போகலாம்.

தலைகீழ் தவறு இன்னும் நயவஞ்சகமானது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ஒருநாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால், கூட்டிய அளவு முழுதாக உடலில் ஏறும்.

அறிக்கையில் என்ன எழுதினார்?

நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை என்பதால் பல வார்டுகளில் இந்தச் சம்பவம் வாய்வார்த்தையோடு முடிந்துவிடும். அது தவறு. மருந்துத் தவறுகளை வகைப்படுத்தும் அமெரிக்க அட்டவணையில், நடந்தும் நோயாளியை எட்டாத தவறுக்கு 'பி' என்று தனி இடமே இருக்கிறது. இந்தியாவின் என்.ஏ.பி.எச். தர அங்கீகாரமும் இத்தகைய மயிரிழைத் தப்புதல்களைப் பதிந்து ஆராயச் சொல்கிறது.

நம் நர்ஸின் அறிக்கை அரைப் பக்கம்தான். நேரம், டாக்டர் எழுதியது, மருந்தகம் அனுப்பியது, வார்டில் இருந்த சிரிஞ்ச், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார் என்பவை அதில் இருந்தன. யார் அனுப்பியது என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. கடைசியில் ஒரு வரி: இரண்டு இன்சுலின்களும் மருந்தகத்தில் ஒரே ஃபிரிட்ஜ் தட்டில் இருக்கின்றன.

அந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். கார்ட்ரிட்ஜுக்குத் தனித் தட்டு, பேனா இல்லாத வார்டுக்கு கார்ட்ரிட்ஜ் போகக்கூடாது என்ற விதி, இன்சுலினை ஏற்றுமுன் இன்னொரு நர்ஸ் லேபிளையும் கோட்டையும் தனியாகச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் அதிலிருந்து பிறக்கக்கூடியவை. "கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் தட்டு அப்படியேதான் இருக்கும்.

வீட்டில் ஊசி போடுபவர்களுக்கு

மருந்துக் கடையில் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே வாங்கி, இரண்டிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் மருந்தை இழுக்காதீர்கள். அளவு பிழைப்பதோடு, உள்ளே காற்று புகுந்து பேனாவில் அடுத்தடுத்த ஊசிகளும் தவறும்.

அதிகம் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள், டாக்டரை அழையுங்கள். 70-க்குக் கீழே இறங்கி, நினைவும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறினாலும் நிம்மதியாகப் படுத்துவிட முடியாது. மெதுவான இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்வதால் மீண்டும் இறங்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைத்து, எந்த இன்சுலின், எத்தனை கோடு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துப் போங்கள்.