கப்பல் வேலை: பயோடேட்டாவில் ஆண்டு அல்ல, சி.டி.சி.யில் தேதி!

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து சரக்குக் கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பயோடேட்டாவில் என்ன எழுதினாலும், கம்பெனி பார்ப்பது சி.டி.சி. புத்தகத்தில் உள்ள சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகளைத்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செகண்ட் ஆபீசர் வேலைக்கான விளம்பரம் செகண்ட் மேட் எஃப்.ஜி. தகுதிச் சான்றிதழும், அதிகாரியாக 18 மாதக் கடல் சேவையும் கேட்கிறது. விண்ணப்பிக்கும் இளைஞர், ‘2020 முதல் 2024 வரை, 4 ஆண்டு அனுபவம்’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் சி.டி.சி.யைப் புரட்டினால், கேடட்டாக ஒன்பது மாதம் வீதம் இரண்டு கப்பல்கள். 2022 ஜூனில் சான்றிதழ் வாங்கிய பிறகு, தேர்ட் ஆபீசராக 2022 அக்டோபர் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒரு கப்பல். 2023 ஆகஸ்ட் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை இன்னொன்று.

வீட்டில் இருந்த விடுமுறையும் தேர்வுக்குப் படித்த காலமும் சேவை ஆகாது. கேடட் காலம் சான்றிதழ் வாங்க உதவியது; அதிகாரி சேவையில் அது சேராது. ஆக, அவரிடம் இருப்பது 12 மாதம். குறைவது ஆறு மாதம். சான்றிதழ் சரியாகவே இருக்கிறது. 18 மாதம் என்பது இங்கே கம்பெனி வைத்த நிபந்தனை. உள்ளதை உள்ளபடி எழுதி, தளர்த்துவார்களா என்று கேட்கலாம். இல்லையேல் தேர்ட் ஆபீசர் வேலைக்கே விண்ணப்பிக்கலாம்.

சான்றிதழில் எஃப்.ஜி.யா, கரையோரப் பயணத்துக்கான என்.சி.வி.யா என்பதையும் பாருங்கள். என்.சி.வி. இருந்தால் வெளிநாட்டுப் பயணக் கப்பலில் அதிகாரியாக ஏற முடியாது. மீன்பிடிப் படகில் எத்தனை வருடம் போயிருந்தாலும், அது சரக்குக் கப்பல் அதிகாரி சேவையாக எண்ணப்படாது.

இந்த ஆறு மாதக் குறைதான் மோசடிக்காரருக்கு வாசல். ‘பணம் கொடு, ஒரு கப்பலைச் சேர்த்துக் காட்டிவிடுகிறேன்’ என்பார். கடல் சேவை ஐ.என்.டி.ஓ.எஸ். எண்ணின் கீழ் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்திலும் பதிவாவதால், பொய்ப் பதிவு ஒப்பிட்டதும் வெளியே வந்துவிடும். அப்போது சான்றிதழுக்கே ஆபத்து, வழக்கும் வரலாம்.

வேலை வாங்கித்தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்தியா ஏற்றுக்கொண்ட 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் செலவு மட்டுமே உங்களுடையதாகலாம். கப்பலில் வேலை செய்ததற்கான பதிவு ஆவணத்தைப் பெறுவதும் உங்கள் உரிமை. தர மறுத்தால் ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியை நாடும் முன் அதன் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண்ணை www.dgshipping.gov.in தளத்தில் சரிபாருங்கள். ஏமாந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்ற விவரத்துடன் இயக்குநரகத்துக்கும், புதுக்கோட்டை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் அன்றே 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறையும்.