எந்த விளிம்பிலிருந்து அளப்பது?

ஒரு இரும்புத் தகட்டில் வரிசையாக ஆறு ஓட்டைகள் போட வேண்டும். இடது விளிம்பிலிருந்து முதல் ஓட்டையின் மையம் 40 மி.மீ., அதன்பின் ஓட்டைக்கு ஓட்டை 40 மி.மீ. எந்த அளவும் 0.1 மி.மீ. கூடலாம், குறையலாம் என்று டிராயிங் இடம் கொடுக்கிறது. பட்டறையில் இதை டாலரன்ஸ் என்பார்கள். அளவுகளை டிராயிங்கில் எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, இதே தகடு மூன்று விதமாக உருவாகலாம்.

விளிம்பிலிருந்து முதல் ஓட்டைக்கு 40, அங்கிருந்து அடுத்ததற்கு 40 என்று ஒன்றன் முனையில் மற்றொன்றாக எழுதுவது செயின் முறை. படிக்க எளிது. ஆனால் ஆறாவது ஓட்டையின் இடம் ஆறு அளவுகளைக் கூட்டித்தான் வருகிறது. எனவே அது 239.4-லும் இருக்கலாம், 240.6-லும் இருக்கலாம். ஒரு பிழை மற்றொன்றைச் சரிக்கட்டிவிடாதா என்று தோன்றும். சில சமயம் சரிக்கட்டும். இயந்திரத்தின் லீட் ஸ்க்ரூ தேய்ந்திருந்தாலோ, ஒவ்வொரு நகர்விலும் ஒரே மாதிரித் தவறு நேர்ந்தாலோ எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். அப்போது ஒவ்வோர் அளவும் சோதனையில் தேறியிருக்கும், ஆனால் கடைசி போல்ட் மட்டும் நுழையாது.

பேஸ்லைன் முறையில் எல்லா அளவுகளும் அந்த இடது விளிம்பிலிருந்தே கிளம்பும்: 40, 80, 120 என்று 240 வரை. இப்போது ஆறாவது ஓட்டை 239.9-க்கும் 240.1-க்கும் இடையில்தான் இருக்க முடியும். பிழை சேர்ந்துகொண்டே போகாது. இதனால் பேஸ்லைன்தான் எப்போதும் மேல் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றாவது ஓட்டை 120.1-லும் நான்காவது 159.9-லும் விழுந்தால் இரண்டுமே சரியானவை, ஆனால் இடைவெளி 39.8. செயின் முறையில் 0.1 விலகவே அனுமதி இருந்த இடத்தில் இப்போது 0.2 விலகுகிறது. அந்த இரண்டு ஓட்டைகளிலும் ஒன்றோடொன்று பல் கோக்கும் இரண்டு கியர்கள் உட்காருமானால், அந்த ஓர் இடைவெளியையாவது நேராக எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆர்டினேட் முறை கணக்கில் பேஸ்லைனேதான். அடுக்கடுக்கான அம்புக்கோடுகள் மட்டும் இருக்காது. விளிம்பில் 0, ஒவ்வோர் ஓட்டைக்கு நேரே ஓர் எண். சி.என்.சி. இயந்திரத்தில் அந்த எண்ணை X40, X80 என்று அப்படியே தட்டிவிடலாம், மனக்கணக்குக்கு வேலையில்லை. ஆனால் பூஜ்யம் எது என்பதில் குழப்பம் வந்தால் ஆறு ஓட்டைகளும் சேர்ந்தே நகர்ந்துவிடும். கெட்டுப்போன தகட்டை அளந்தாலே காரணம் தெரியும். விலகல் ஓட்டைக்கு ஓட்டை கூடிக்கொண்டே போனால் பிழை சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் பூஜ்யம் தவறாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பூஜ்யம் உட்காரும் இடத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். எதை எதன்மேல் வைத்து அளப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. விளிம்பு டேட்டம் என்றால், தகட்டின் அந்த விளிம்பை சர்ஃபேஸ் பிளேட்டில் நிறுத்தி, ஓட்டையில் பொருத்தமான பின் செருகி, ஹைட் கேஜில் பொருத்திய டயலால் பின்னின் உச்சியைத் தொட்டு, பின் விட்டத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். அந்த விளிம்பு ரம்பத்தில் அறுத்தபடியே இருந்தால் தகடு ஆடும். எந்த மேட்டில் அது நிற்கிறதோ அதைப் பொறுத்து அளவு மாறும். இருவர் அளந்தால் இரு விடை வரும், இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள். ஆகவே டேட்டம் பரப்பு மெஷின் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்தப் பொருள் பொருந்தப்போகும் இடமே டேட்டமாக இருப்பது. ஒரு தகட்டின் நடுத் துளையில் மோட்டாரின் கழுத்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். துளை மையத்திலிருந்து ஒரு பள்ளம் 30 மி.மீ.யில், 0.1 கூடக் குறைய இருக்க வேண்டும். பட்டறையில் வசதிக்காக விளிம்பிலிருந்தே துளையை 80, பள்ளத்தை 110 என்று அளக்கிறார்கள், இரண்டுக்கும் அதே 0.1. துளை 80.1, பள்ளம் 109.9 என்று வந்தால் இரண்டும் தேறிவிடும். நிஜ இடைவெளியோ 29.8. மோட்டாரைப் பூட்டும்போதுதான் தவறு தெரியும்.

விளிம்பிலிருந்துதான் அளப்போம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.05 மட்டுமே விட முடியும். அதாவது அதே தகட்டுக்கு இருமடங்கு நுணுக்கமான வேலை, அதற்கேற்ற செலவு. துளையை டேட்டமாக எடுத்தால் அந்தச் செலவு தேவையில்லை. துளைக்குள் டயலைச் சுற்றவிட்டு மையத்தைக் கண்டுபிடித்து, அங்கே பூஜ்யம் வைத்து, அதே பிடிப்பில் பள்ளத்தை வெட்டி, சோதிக்கும்போதும் துளையில் செருகிய பின்னிலிருந்தே அளக்கலாம். விளிம்பு, தகட்டை வைஸில் பிடிக்க மட்டும் பயன்பட்டால் போதும்.